விடுப்பில் இருக்கும்போது போகும் பதில்: எந்தத் தேதி, எந்த ஆள்?

"நான் தற்போது விடுப்பில் உள்ளேன். விரைவில் தொடர்புகொள்கிறேன். அவசரமெனில் என் குழுவினரை அணுகவும்."

எங்கள் அலுவலகத்தில் விடுப்பில் செல்பவர்கள் தங்கள் தானியங்கிப் பதிலை எழுதி என்னிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் எழுதிவருவது இதைத்தான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைப் படிப்பவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: காத்திருப்பதா, வேறு ஆளிடம் போவதா? அதற்கு உதவும் ஒரு சொல்கூட இந்த மூன்று வாக்கியங்களில் இல்லை. விரைவில் என்றால் நாளையா, அடுத்த மாதமா? குழுவினர் என்றால் யார்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் பிரிவில் இருப்பவர் 2025 ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை முதல் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை வரை விடுப்பு எடுக்கிறார். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. ஆகவே மீண்டும் இருக்கையில் அமர்வது செப்டம்பர் 8, திங்கட்கிழமை. இவர் எழுதிய வரி: "08/09/2025 வரை விடுப்பு."

இந்த ஒரு வரியில் இரண்டு குழப்பங்கள் உள்ளன. "வரை" என்றால் எட்டாம் தேதியும் விடுப்பா, அன்று வந்துவிடுவாரா? படிப்பவர் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது எண்களின் வரிசை. மாதத்தை முன்னால் எழுதிப் பழகிய அமெரிக்க வாடிக்கையாளருக்கு இது ஆகஸ்ட் 9. அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது. பழைய பதிலை நிறுத்த மறந்துவிட்டார்போல, ஆள் இருக்கையில்தான் இருக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் காத்திருப்பார். மாற்று ஆளைத் தேட மாட்டார்.

இரண்டுக்கும் ஒரே தீர்வுதான். விடுப்பு முடியும் நாளை விட்டுவிட்டு, திரும்பி வரும் நாளைச் சொல்லுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்துவிடுங்கள். "செப்டம்பர் 8, திங்கட்கிழமை மீண்டும் பணிக்கு வருகிறேன்" என்றால் யாரும் இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை. தேதி தவறாகத் தட்டச்சாகியிருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். இந்த வரியே பதிலின் முதல் வரியாக இருக்கட்டும். கைபேசி அறிவிப்பில் பெரும்பாலும் முதல் வரி மட்டும்தான் தெரியும்; அங்கே "தங்கள் மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி" மட்டும் தெரிந்து என்ன பயன்?

"திரும்பியதும் உடனே பதிலளிக்கிறேன்" என்ற வாக்குறுதியையும் நான் அடித்துவிடுவேன். ஒரு வாரத்துக்கு மேல் சேர்ந்த அஞ்சல்களைத் திங்கட்கிழமை காலையிலேயே யாராலும் முடிக்க முடியாது. "செப்டம்பர் 10-க்குள் பதிலளிப்பேன்" என்பது காப்பாற்றக்கூடிய சொல்.

இனி மாற்று ஆள். அதிகம் சிக்கலாவது இங்கேதான். பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது. இருந்தும் கேட்காமல் போடுகிறார்கள். கேட்கும்போது, அந்த நாட்களில் அவருக்கும் விடுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிவிட்டு விடுப்பில் இருந்தால், எழுதியவர் நடுவில் அலைய வேண்டியதுதான். கோப்புகளைத் திறக்கும் அனுமதி அவருக்கு இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒப்பந்தத்தைத் திறக்க முடியாதவர் "அவர் வந்ததும் சொல்கிறேன்" என்பதைத் தவிர என்ன சொல்வார்?

"அவசரமெனில்" என்ற சொல்லும் போதாது. அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை அவசரம்தான். எந்த வேலைக்கு மாற்று ஆளை அணுகலாம், எது காத்திருக்க வேண்டும் என்று வேலையின் பெயரைச் சொல்லியே பிரித்துவிட வேண்டும்.

பலரும் எழுதாமல் விடும் ஒரு வாக்கியத்தை நான் ஒவ்வொரு பதிலிலும் சேர்க்கச் சொல்கிறேன்: "உங்கள் மின்னஞ்சல் வேறு யாருக்கும் அனுப்பப்படவில்லை." மாற்று ஆளின் பெயரைப் பார்த்ததும், தன் அஞ்சல் தானாகவே அவருக்குப் போயிருக்கும் என்று அனுப்பியவர் எண்ணிக்கொள்கிறார். மாற்று ஆளுக்கோ அப்படி ஒன்று வந்ததே தெரியாது. இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கும்போதே கெடு தாண்டிவிடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்தால் நம் கொள்முதல் ஊழியரின் பதில் இப்படி அமையும்:

"வணக்கம். நான் விடுப்பில் இருக்கிறேன். செப்டம்பர் 8, திங்கட்கிழமை மீண்டும் பணிக்கு வருகிறேன். நடப்பு ஆர்டர்கள், சரக்கு வரவு தொடர்பாக purchase@example.com முகவரிக்கு ஆர்டர் எண்ணுடன் எழுதுங்கள். உங்கள் மின்னஞ்சல் வேறு யாருக்கும் அனுப்பப்படவில்லை. எனவே அதை அந்த முகவரிக்கு மீண்டும் அனுப்பவும். புதிய விலைப்புள்ளிகளுக்கு நான் செப்டம்பர் 10-க்குள் பதிலளிப்பேன்."

தனிநபர் பெயருக்குப் பதில் பிரிவின் பொது முகவரியைத் தந்திருப்பதைக் கவனியுங்கள். அதை இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்றால், ஒருவருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனாலும் வேலை நிற்காது. பொது முகவரி இல்லாத இடத்தில் ஆளின் முழுப் பெயரும் பொறுப்பும் அலுவலக மின்னஞ்சலும் போதும். விடுப்புக்கான காரணம், சொந்தக் கைபேசி எண், ஊரில் இல்லை என்ற தகவல், பணம் வழங்க ஒப்புதல் தருபவரின் பெயர் ஆகிய எதுவும் வெளியாருக்குப் போகும் பதிலில் வேண்டாம். உங்கள் பெயரில் போலிக் கட்டணக் கோரிக்கை அனுப்ப நினைப்பவருக்கு இவை அத்தனையும் உதவும்.

சொற்கள் சரியாக இருந்தும் அமைப்பில் கோட்டை விடுவதுண்டு. ஜிமெயிலில் Last day என்ற இடத்தில் நம் ஊழியர் செப்டம்பர் 5 என்று போட்டால், அன்று நள்ளிரவோடு பதில் நின்றுவிடும். சனி, ஞாயிறில் எழுதுபவருக்கு ஒன்றும் போகாது. அங்கே வர வேண்டியது செப்டம்பர் 7. அவுட்லுக்கில் நேரத்தையும் குறிக்கலாம் என்பதால், 27-ஆம் தேதி மாலை வேலை முடியும் நேரத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள். அதில் நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கும் வெளியாருக்கும் தனித்தனிப் பதில் எழுத வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் எழுதிவிட்டுப் போனால் வாடிக்கையாளருக்கு எதுவும் போகாது. சொந்த முகவரியிலிருந்து ஓர் அஞ்சலை அனுப்பிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

விடுப்பை நீட்டித்தால் என்ன செய்வது? அவுட்லுக் ஒருவருக்கு ஒரு முறைதான் பதில் அனுப்பும். ஜிமெயில், அதே ஆள் நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினால் இன்னொன்று அனுப்பும். தேதியை மாற்றும்போது அவுட்லுக்கில் தானியங்கிப் பதிலை ஒரு முறை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்க வேண்டும். அப்போதுதான் ஏற்கெனவே பதில் பெற்றவர் மறுபடி எழுதினால் புதிய தேதி அவருக்குப் போகும். ஜிமெயிலில் பதிலைத் திருத்தினாலே போதும். ஆனால் செப்டம்பர் 8 என்று படித்துவிட்டு, மறுபடி எழுதாமல் பொறுமையாகக் காத்திருப்பவருக்கு இந்த இரண்டு வழியிலும் செய்தி போய்ச் சேராது. 28-ஆம் தேதியிலிருந்து வந்த அஞ்சல்களில் கெடு உள்ளவற்றை மட்டும் மாற்று ஆள் பிரித்தெடுத்து, அனுப்பியவர்களுக்குப் புதிய தேதியை இரண்டு வரியில் தானே எழுதிவிட வேண்டும். அதற்கு அவர் உங்கள் அஞ்சல் பெட்டியைப் பார்க்கும் அனுமதியை, விடுப்பில் போவதற்கு முன்பே முறைப்படி வாங்கி வைத்திருக்க வேண்டும்.