சத்தமாகப் பேசியும் கடைசி பெஞ்சுக்குப் புரியாதது ஏன்?

"எங்கள் வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குப் பாடம் புரிவதில்லை. மைக் வைத்துப் பார்த்தோம், இன்னும் மோசமானது. ஏன்?" என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்.

பலரும் இதை எதிரொலி என்பார்கள். இல்லை. எதிரொலி தனியாகக் காதில் விழ, ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 0.1 நொடி ஆக வேண்டும். அதற்குச் சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வகுப்பறையில் நடப்பது எதிர்முழக்கம். நூற்றுக்கணக்கான பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வாலாக நீளும். அந்த வால் 60 டெசிபெல் குறைய ஆகும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். 1890களில் ஹார்வர்டில் சபைன் என்ற இயற்பியலாளர், ஓர் அரங்கில் இருக்கை மெத்தைகளைப் பரப்பிப் பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தே இதற்கான சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்:

T = 0.161 × V / A

V அறையின் கன அளவு. A என்பது ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை விழுங்கும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டியது.

10 × 7 × 3 மீட்டர் அறையை எடுத்துக்கொள்வோம். V 210 கன மீட்டர், மொத்தப் பரப்பு 242 சதுர மீட்டர். பூசிய சுவரும் சிமெண்ட் தரையும் விழுங்குவது சுமார் 3 சதவீதம்தான், ஆக A வெறும் 7.3. காலி அறையில் T 4.6 நொடி! 40 பிள்ளைகள் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.4 வீதம் 16 கூடி, T 1.45 நொடிக்கு இறங்கும். போதாது, வகுப்பறைக்கு 0.6 நொடி அளவில் இருந்தால் நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பேச்சில் ஓர் அசைக்குச் சுமார் 0.2 நொடி. T 1.45 என்றால், அந்த நேரத்தில் முந்தைய அசையின் வால் 8 டெசிபெல்தான் குறைந்திருக்கும். "கா" போன்ற நெடிலின் சத்தமான வால் அப்படியே நிற்கும்போது, அடுத்து வரும் மெலிந்த "த்", "ப்" அதில் மூழ்கிவிடும், பிள்ளைக்கு உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. ஆசிரியை குரலை உயர்த்தினால்? மெய் உயர்கிற அதே அளவுக்கு வாலும் உயரும். அதனால்தான் மைக் உதவவில்லை; அறையின் மூலைகளில் ஸ்பீக்கர் வைத்தால் வாலுக்குத்தான் தீனி.

சரி, என்ன செய்வது? விழுங்கும் பரப்பைக் கூட்ட வேண்டும். கூரையில் பாதிக்கு, அதாவது 35 சதுர மீட்டருக்கு, 70 சதவீதம் விழுங்கும் கனிமக் கம்பளிப் பலகைகள் மாட்டினால் A 23-லிருந்து 47 ஆகும், T 0.7 நொடி. இப்போது அதே 0.2 நொடியில் வால் 17 டெசிபெல் இறங்கிவிடும், "த்" தலை காட்டும். முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். அட்டை மெல்லியது, பேச்சின் தாழ்ந்த அலைவரிசைகளை அது கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. பலகையும் தடிமனாக இருக்க வேண்டும், அல்லது கூரையிலிருந்து சற்று இடைவெளி விட்டுத் தொங்க வேண்டும், ஏனென்றால் கெட்டியான பரப்பை ஒட்டி காற்றுத் துகள்கள் அசைவதே இல்லை, அசையாத காற்றிடமிருந்து நுண்துளைகள் எதையும் உராய்ந்து வாங்க முடியாது.

மாட்டுவதற்கு முன்பும் பின்பும், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டி, வால் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கேளுங்கள். "டுர்ர்ர்" என்று படபடத்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்துபோல் எகிறுகிறது. அதற்குக் கூரை போதாது, ஒரு சுவரிலும் பலகை வேண்டும்.