0.158113883-இல் எத்தனை இலக்கங்களை நம்பலாம்?

இயற்பியல் முதலாமாண்டு படிக்கும் வாசகி ஒருவர் தன் ஆய்வக அறிக்கையின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். தனி ஊசலை வைத்து புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. திட்ட விலக்கம் 0.158113883 விநாடி என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 0.16 என்று எழுதியிருந்தார். "கால்குலேட்டர் காட்டியதைத்தானே எழுதினேன், அதில் என்ன தவறு?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. "முக்கிய எண்ணுருக்கள் விதி அப்படி" என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

முதலில் அவருடைய அளவீடுகள். ஊசலின் நீளம் 1.000 மீட்டர். 20 அலைவுகளுக்கு ஆன நேரத்தை ஐந்து முறை எடுத்திருக்கிறார்: 40.1, 40.3, 40, 40.4, 40.2 விநாடி. மூன்றாவதாக இருக்கும் அந்த 40-ஐப் பாருங்கள். மற்றவை பத்தில் ஒரு பங்கு விநாடி வரை எழுதப்பட்டிருக்க, இது மட்டும் முழு எண்ணாக நிற்கிறது. கடிகாரம் காட்டியது 40.0. அந்தப் பூஜ்யமும் அளந்து பெற்றதுதான், அதை விட்டால் அந்த ஒரு தடவை மட்டும் கவனமில்லாமல் அளந்ததாகப் பொருளாகிவிடும். அறிக்கையைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது அட்டவணையில் இப்படிக் காணாமல் போன பூஜ்யங்களைத்தான்.

சராசரி 40.2. அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.10 வருகிறது. அதை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.158. ஐந்து அளவீடு இருக்க ஏன் 4? விலகல்களை நாம் உண்மை மதிப்பிலிருந்து அளக்கவில்லை, இதே ஐந்திலிருந்து எடுத்த சராசரியிலிருந்து அளக்கிறோம். அந்த விலகல்களின் கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம். நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகத் தெரிந்துவிடும், அது புதிதாக எதையும் சொல்வதில்லை. கால்குலேட்டரில் `σx`, `sx` என்று இரண்டு இருக்கும். இங்கே வேண்டியது `sx`. விரிதாளில் என்றால் `STDEV.S`. தவறானதை அழுத்தியிருந்தால் 0.141 வந்திருக்கும், அதாவது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாக.

கணக்கே போடாமல் சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. மிகப் பெரிய அளவீட்டிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 0.4-ஐ 2.24-ஆல் வகுத்தால் 0.18. நம் 0.158-க்குப் பக்கத்தில் இருக்கிறது, சரி. பத்துப் பன்னிரண்டு அளவீடுகள் வரை இந்தக் குறுக்குவழி நன்றாகவே வேலை செய்யும். அறிக்கையில் 0.5 என்று இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். திட்ட விலக்கம் அந்த 0.4-ஐத் தாண்டவே முடியாது.

இனி அந்த ஒன்பது இலக்கங்களுக்கு வருவோம். வாசகி இதே ஊசலை, இதே கடிகாரத்தோடு மறுநாள் இன்னும் ஐந்து முறை அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40.1, 40.2, 40.0, 40.2, 40.0 என்று வரலாம். திட்ட விலக்கம் 0.10. அதற்கும் மறுநாள் 40.6, 40.2, 40.3, 40.1, 40.3. இப்போது 0.19. கை அதேதான், கண் அதேதான், ஊசலும் மாறவில்லை. ஆனாலும் 0.16, 0.10, 0.19 என்று மூன்று விடைகள். அளவீடுகள் சிதறுவதைச் சொல்ல ஒரு எண்ணைக் கண்டுபிடித்தோம், அந்த எண்ணே சிதறுகிறது!

எவ்வளவு சிதறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிதறல் மணி வடிவப் பரவலை ஒட்டியிருந்தால், திட்ட விலக்கத்தின் ஒப்பீட்டுப் பிழை ஏறக்குறைய 1/√(2(n−1)). ஐந்து அளவீடுகளுக்கு இது 1/√8, அதாவது 35 சதவீதம். 0.158-இல் 35 சதவீதம் 0.06-க்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் நமக்கு உண்மையில் தெரிந்தது 0.16, கூடவோ குறையவோ 0.06. இரண்டாவது தசம இடமே ஆடிக்கொண்டிருக்கும்போது எட்டாவது, ஒன்பதாவது இடங்களில் என்ன இருக்கப்போகிறது?

அளவீட்டைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்றால், ஆகும், ஆனால் மிக மெதுவாக. இந்தப் பிழையைப் பத்து சதவீதமாகக் குறைக்க 51 அளவீடுகள் வேண்டும். ஒரு சதவீதத்துக்கு 5001. நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமானால் ஐந்து லட்சம் லட்சம் கோடி அளவீடுகள். ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி என்று போட்டுப் பார்த்தேன். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள், அதைப்போல 46 மடங்கு காலம் ஊசல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கால்குலேட்டர் திரையில் சாதாரணமாக நிற்கும் அந்த ஒன்பது இலக்கங்களை உண்மையாகச் சம்பாதிக்க ஆகும் காலம் அது. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, அப்படியானால் ஒரு இலக்கத்தோடு 0.2 என்று எழுதலாமே, ஏன் 0.16? முதல் இலக்கம் 1 ஆக இருக்கும்போது முழுதாக்கினால் மதிப்பு ரொம்பவே மாறிவிடும். 0.14 என்பது 0.1 ஆனால் கால் பங்குக்கு மேல் போய்விடும். துகள் இயற்பியல் தரவுக் குழு வைத்திருக்கும் வழக்கம் நல்லது: பிழையின் முதல் மூன்று இலக்கங்கள் 100 முதல் 354 வரை இருந்தால் இரண்டு இலக்கம், 355 முதல் 949 வரை ஒரு இலக்கம், அதற்கு மேல் என்றால் 1000-ஆக உயர்த்தி இரண்டு இலக்கம். 158 முதல் வகையில் விழுகிறது. ஆசிரியர் எழுதியது சரியே.

அப்புறம் இறுதி விடை. சராசரியின் பிழை 0.158/√5, அதாவது 0.07 விநாடி. 40.2-இல் இது 0.176 சதவீதம். முடுக்கம் 4π²L/T². நேரம் இருமடியில் வருவதால் அதன் பிழை இரட்டிப்பாகி 0.35 சதவீதம். நீளத்தை ஒரு மில்லிமீட்டர் வரை நம்பலாம் என்றால் அதன் பங்கு 0.1 சதவீதம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.37 சதவீதம். வாசகி எழுதிய 9.7716437-க்கு இது 0.0357 ஆகிறது. 357 ஒரு இலக்க வகை, எனவே 0.04. பிழை எந்த இடத்தில் முடிகிறதோ, விடையும் அதே இடத்தில் முடிய வேண்டும்: 9.77 ± 0.04 மீ/வி². முழுதாக்குவதைக் கடைசியில் ஒரே தடவைதான் செய்ய வேண்டும். நடுவிலேயே அலைவு நேரத்தை 2.010-லிருந்து 2.0 ஆக்கியிருந்தால் விடை 9.87 ஆகியிருக்கும், பிழையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நகர்ந்து.

இந்தத் திட்ட விலக்கம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல் விளிம்பு வரை அளந்திருந்தால், ஐந்து அளவீடுகளும் ஒன்றுபோலவே பாதிக்கப்படும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் விடை 0.1 குறையும், சிதறலில் அதன் சுவடே தெரியாது.

மதிப்பெண் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விடை 9.81-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம்தான் மாணவர்களைப் பொய்யான அளவீடுகள் எழுத வைக்கிறது. ஐந்தும் 40.1, 40.1, 40.1 என்று வரிசையாக நிற்கும் அட்டவணைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு விநாடி காட்டும் கடிகாரத்தைக் கையால் அழுத்தி நிறுத்தும்போது சிதறல் பூஜ்யமாக வருவது மிக அரிது. வாசகியின் 9.77 ± 0.04 அந்த 9.81-ஐத் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. அவருடைய ஐந்து எண்களும் கை ஆடியதற்கேற்ப ஒழுங்காகச் சிதறியிருக்கின்றன. அவர் திருத்த வேண்டியவை மூன்றே: 40-க்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்க்க வேண்டும், திட்ட விலக்கத்தில் ஏழு இலக்கங்களையும் முடுக்கத்தில் ஐந்து இலக்கங்களையும் நீக்க வேண்டும்.