இரண்டும் இரண்டும் நான்கு ஆகாத கணக்கு

"எனக்கு ரெண்டு போச்சுங்கிறீங்க, அவருக்கும் ரெண்டு போச்சுங்கிறீங்க. அப்ப பிள்ளைக்கு நாலுமே இல்லாமப் போயிருமா டாக்டரம்மா?"

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வாரக் கர்ப்பம். கையில் ஆல்ஃபா தலசீமியாவுக்கான ஜீன் பரிசோதனை ரிப்போர்ட். ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலியைச் செய்யும் நான்கு ஜீனும் இல்லாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் என்று போனில் படித்துவிட்டு, இரண்டு நாளாகத் தூங்கவில்லை. கணவர் அவருக்குத் தாய்மாமன். "சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படியா?" என்று அவரும் இடையில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதை இரும்பு மாத்திரையில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல மாத்திரையிலிருந்து இந்தப் பெண் ஏறக்குறைய நிறுத்தாமல் இரும்பு சாப்பிட்டு வருகிறார். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியதே இல்லை. மாமியாரும் அம்மாச்சியும் ஒருவரேயான மூதாட்டி, "கீரையே திங்க மாட்டா, அதான்" என்று முடித்துவிட்டார். பழைய ரிப்போர்ட்டுகளைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.4, சிவப்பணு எண்ணிக்கை 48 லட்சம், ஒரு சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 69. சாதாரணமாக அது 80-க்கு மேல் இருக்க வேண்டும். உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் 58. அதாவது கையிருப்பில் இரும்பு இருக்கிறது, ஆனாலும் அணுக்கள் சிறுத்திருக்கின்றன, எண்ணிக்கையோ குறையவில்லை. இரும்புக் குறைவு இப்படி இருக்காது.

அடுத்து, ஹீமோகுளோபினின் இன்னொரு சங்கிலியான பீட்டா குறையும் பரம்பரைச் சோகை, பீட்டா தலசீமியாவா என்று பார்த்தார்கள். ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையில் ஏ2 என்ற வகை 2.4 சதவீதம். பீட்டா கேரியராக, அதாவது நோயில்லாமல் ஜீன் குறையை மட்டும் சுமப்பவராக இருந்தால், பெரும்பாலும் 3.5-க்கு மேல் போயிருக்கும். "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பல ஆல்ஃபா கேரியர்கள் கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் ரத்தத்தில் இருக்கும் மூன்று வகை ஹீமோகுளோபினிலும் ஆல்ஃபா சங்கிலி உண்டு. அது குறைந்தால் மூன்றும் சேர்ந்து குறையும், சதவீதம் பெரிதாக மாறாது. ஜீனைப் பார்த்தால்தான் உறுதியாகும்.

பார்த்ததில் இருவருக்கும் ஒரே விடை: -α3.7/-α3.7. கணவருக்கு ஹீமோகுளோபின் 13.2, எம்.சி.வி. 71. அவருக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்த விடையை எப்படிப் படிப்பது என்று சொல்ல எனக்கு ஒரு தாம்பூலப் பைக் கணக்கு உண்டு. பதினாறாம் குரோமோசோம் நம்மிடம் இரண்டு இருக்கின்றன. அவற்றை இரண்டு பைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையிலும் இரண்டு தேங்காய், அவைதான் ஆல்ஃபா ஜீன்கள். அம்மா தன் இரண்டு பையில் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுப்பார், அப்பாவும் அப்படியே. பைக்குள்ளிருந்து தேங்காயைத் தனியாக எடுத்துக் கொடுக்க வழியில்லை. பையோடுதான் போகும்.

இந்தத் தம்பதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பையிலும் ஒவ்வொரு தேங்காய் குறைகிறது. எந்தப் பையைக் கொடுத்தாலும் அதில் ஒரு தேங்காய் இருக்கும். ஆக, பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதாவது பெற்றோரைப் போலவே இரண்டு ஜீன் இல்லாத கேரியர். நான்கும் போக இங்கே வாய்ப்பே இல்லை, மூன்று போகவும் இல்லை. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது இந்த 3.7 வகைதான். இரண்டு ஆல்ஃபா ஜீன்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் கொஞ்சம் தள்ளி ஒட்டிக்கொள்கின்றன. பரிமாற்றத்தில் ஒரு பக்கம் 3.7 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டு குறைந்து, இரண்டு ஜீன் ஒன்றாகிவிடுகிறது. மறு பக்கத்துக்கு மூன்று கிடைக்கிறது. சொந்தத்தில் கட்டியதால் இருவருக்கும் ஒரே பை வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பை பிள்ளைக்கு ஆபத்தில்லாத பை.

ஆபத்தான பை வேறு. அதில் ஒரு தேங்காய்கூட இல்லை. ஒரே குரோமோசோமில் இரண்டு ஜீனும் சேர்ந்து போயிருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடல் பகுதியிலும் இது அதிகம், நம்மிடம் அரிது. இருந்தாலும் நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் "பர்மா, மலேயாப் பக்கம் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்பேன். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்து அங்கே போகாத ஊர் எது? ஒரு பை காலி, மறு பை முழுசு என்று இருப்பவருக்கும் இரண்டு ஜீன்தான் இல்லை. ரத்த எண்ணிக்கை மட்டும் பார்த்தால், இந்தப் பெண்ணிடமிருந்து அவரைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பிள்ளைக் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரு பை மட்டும் காலி ஒருவரிடம், ஒரு பையில் மட்டும் ஒரு தேங்காய் குறைவு மற்றவரிடம் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு மூன்று ஜீன் இல்லாமல் போகும். அதுதான் ஹீமோகுளோபின் எச் நோய். ஆல்ஃபா போதாததால் மிஞ்சிய பீட்டா சங்கிலிகள் நான்கு நான்காகச் சேர்ந்துகொள்ளும். அவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு திசுவுக்கு விடாது. சிவப்பணுவுக்கு வயதாக ஆக உள்ளே படிந்து, மண்ணீரல் அந்த அணுவை அழித்துவிடும். பலருக்கு ஹீமோகுளோபின் 7-க்கும் 10-க்கும் இடையில் நிற்கும், காய்ச்சல் வந்தால் சட்டென்று இறங்கும். ரத்தம் ஏற்றாவிட்டாலும் குடல் அதிகமாக இரும்பை உறிஞ்சும். அதனால் சோகை என்று இரும்பு கொடுப்பது இவர்களுக்குக் கெடுதல்.

இருவரிடமும் காலிப் பை என்றால்தான் அந்தப் பெண் பயந்த நிலை வரும், அதுவும் நான்கில் ஒரு பங்கு. பீட்டா தலசீமியா பிள்ளை பிறந்து சில மாதம் கழித்தே வெளுக்கத் தொடங்கும், ஏனென்றால் வயிற்றிலிருக்கும் சிசுவின் ஹீமோகுளோபினுக்குப் பீட்டா தேவையில்லை. ஆல்ஃபா தேவை. அது இல்லாவிட்டால் சிசுவின் காமா சங்கிலிகள் நான்காகச் சேர்ந்து பார்ட்ஸ் ஹீமோகுளோபின் ஆகும். அது ஆக்சிஜனைத் தரவே தராது. கருவின் ஆரம்பகால ஹீமோகுளோபினில் மிஞ்சியது கொஞ்ச காலம் தாங்கும். பிறகு இதயம் வீங்கி, உடல் முழுக்க நீர் கோத்து, பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்னோ பிறந்த சிறிது நேரத்திலோ குழந்தை போய்விடும். தாய்க்கும் நஞ்சுக்கொடி பெருத்து, ரத்த அழுத்தம் ஏறும். கருப்பையிலேயே சிசுவுக்கு ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிய சில குழந்தைகள் உண்டு, பிறகு அவர்களுக்கு ஆயுள் முழுக்க ரத்தம் வேண்டும்.

இந்தத் தம்பதிக்குக் கருவில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் எல்லையையும் சொன்னேன். இந்தப் பரிசோதனை, தேடச் சொன்ன சில இழப்புகளை மட்டும்தான் தேடும். எழுத்து மாற்றங்களும் அரிய நீண்ட இழப்புகளும் அதில் தெரியாமல் போகலாம். இங்கே இருவருக்கும் இரண்டு பையும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, ரத்த எண்ணிக்கையும் அதோடு ஒத்துப்போகிறது. எம்.சி.வி. 60-க்கும் கீழே இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"அப்ப இரும்பு மாத்திரையை நிப்பாட்டிரவா?" என்றார். நிறுத்தச் சொல்லவில்லை. கேரியருக்கும் கர்ப்பத்தில் இரும்பு தீர்ந்துபோகலாம். கர்ப்பிணிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவோடு நிறுத்தி, ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று இரட்டிப்பாக்கவோ ஊசியில் ஏற்றவோ வேண்டாம், 28-ஆம் வாரம் ஃபெர்ரிட்டினை மறுபடி பாருங்கள் என்றேன். கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: "ஆல்ஃபா கேரியர், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஃபெர்ரிட்டின் பார்க்காமல் இரும்பு ஊசி வேண்டாம்." அம்மாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப கீரை?" என்றார். திங்கலாம் என்றேன்.