மூக்கு மேலே, விமானம் கீழே

பெருங்குடி டீக்கடையில் நின்றால் மதுரையில் இறங்கும் விமானங்கள் நன்றாகத் தெரியும். போன வாரம் கூட வந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, கீழே இறங்குது, ஆனா மூக்கு மேலே பாத்திருக்கே?"

நல்ல கேள்வி. இறங்கும் பாதை தரையை நோக்கி 3 டிகிரி சரிவு. மூக்கோ தொடுவானத்துக்கு மேலே 3 டிகிரி என்று வையுங்கள். இறங்கும் விமானத்துக்குக் காற்று கீழிருந்து வருவதுபோலத்தான் படும். ஆக, விமானத்துக்கும் காற்றுக்கும் இடையே 6 டிகிரி. மூக்கு தொடுவானத்துக்கு மேலே நிற்கும் கோணம் மூக்குச் சாய்வு. இந்த 6 டிகிரிதான் தாக்குகோணம். (இறக்கையை உடலில் சற்றுச் சாய்த்தே பொருத்துவார்கள், அதை இங்கே விட்டுவிடலாம்.) மூக்குச் சாய்வை விமானி கண்ணாடி வழியே பார்த்துவிடுவார். காற்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் தாக்குகோணமும் தெரியாது.

சிறு விமானங்களில் தாக்குகோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிப் போகும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். தூக்கும் விசை சரியும். இதுதான் ஸ்டால். வண்டி ஆஃப் ஆவதுபோல எஞ்சின் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் ஸ்டால் வரும்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐப் பாருங்கள். வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்ததும் தானியங்கி விலகிக்கொண்டது. விமானி மூக்கைத் தூக்கினார், விமானம் ஸ்டால் ஆனது. கடைசி நொடிகளில் மூக்கு 16 டிகிரி மேலே. முன்னோக்கிப் போன வேகமும் கீழே விழுந்த வேகமும் ஏறக்குறைய சமம், அதாவது 45 டிகிரி சரிவு. இரண்டையும் கூட்டினால் தாக்குகோணம் 60 டிகிரியை ஒட்டி வருகிறது. மூக்குச் சாய்வை மட்டும் பார்த்தால் ஏறுவதுபோலத்தான் இருக்கும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அளந்த வேகம் மணிக்கு 60 கடல் மைலுக்குக் கீழே போனதும், கோண அளவை நம்ப முடியாது என்று கருதி ஸ்டால் எச்சரிக்கை ஒலி நின்றுவிடும். மூக்கைத் தாழ்த்தியபோது அது மறுபடி ஒலித்தது. சரியானதைச் செய்தால் திட்டு விழுந்த மாதிரி.

தாக்குகோணத்தை நேராகக் காட்டும் மானி அந்த விமானிகளுக்கு இல்லை. மூக்கின் பக்கவாட்டில் காற்றுத் திசைகாட்டிபோல ஒரு சிறு தகடு இருக்கும். காற்றோடு தானே திரும்பும். அது திரும்பும் அளவை மானியில் பச்சை, மஞ்சள், சிவப்பாகக் காட்டலாம். வேகமானிக்கு இல்லாத வசதி இது. நேராகப் பறக்கும்போது மணிக்கு 50 கடல் மைல் வேகத்தில் ஸ்டால் ஆகும் சிறு விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் 71 கடல் மைல் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். எடை கூடினாலும் அந்த வேகம் ஏறும். சிவப்புக் கோடு மட்டும் அதே கோணத்தில் நிற்கும்.

தகடே தவறினால்? 2018-ல் இந்தோனேசியாவில் விழுந்த லயன் ஏர் விமானத்தில் இடப்பக்கத் தகடு சுமார் 20 டிகிரி கூடுதலாகக் காட்டியது. இரு பக்கத் தகடுகளும் முரண்படுகின்றன என்று சொல்லவேண்டிய எச்சரிக்கை அதில் வேலை செய்யவில்லை.