வளையாமல் உடைந்த பிளேட்

தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்துக்கொண்டவர் நான்கு மாதம் கழித்து, விழாமல் வழுக்காமல், வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிளேட் இரண்டாக உடைந்துவிடுகிறது. சென்னையில் எந்த எலும்பு மருத்துவமனை வாசலில் நின்றாலும், இப்படிப்பட்டவரின் குடும்பம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மட்டமான பிளேட்டை வைத்துவிட்டார்களா?" பெரும்பாலும் பிளேட் மீது குற்றமில்லை. பயோமெடிக்கல் தேர்வுக்குத் தகைவு-திரிபு வரைபடத்தைப் புரட்டுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாடத்தின் பாதி தெளிந்துவிடும்.

முதலில் எலும்பு. தொடை எலும்பின் கெட்டியான வெளிச்சுவரை நீளவாக்கில் இழுத்தால், சுமார் 0.7 சதவீதத் திரிபு வரை வரைபடம் நேர்க்கோடாகப் போகும். சுமையை எடுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அந்தக் கோட்டின் சாய்வுதான் யங் குணகம். எலும்புக்கு ஏறக்குறைய 17 கிகா பாஸ்கல். அதைத் தாண்டினால் உள்ளே நுண்விரிசல்கள் தோன்றிக் கோடு சாய்கிறது. இதுதான் ஈல்டு நிலை. இழுவிசையில் 130 மெகா பாஸ்கலை ஒட்டி எலும்பு முறிந்துவிடும். அமுக்கினால் 190 வரைகூடத் தாங்கும்.

பிளேட் செய்யும் 316எல் துருப்பிடிக்காத எஃகின் குணகம் 190 கிகா பாஸ்கல். இரண்டும் ஒன்றாகப் பிணைந்து 0.1 சதவீதம் நீண்டால், எலும்பில் 17 மெகா பாஸ்கல் தகைவும் எஃகில் 190 மெகா பாஸ்கல் தகைவும் எழும். விறைப்பானதே சுமையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்கிறது. குளிர்நிலையில் உருட்டி வலுவூட்டிய எஃகின் ஈல்டு தகைவு சுமார் 700 மெகா பாஸ்கல் என்பதால், இந்தச் சுமை அதற்குப் பொருட்டே இல்லை.

சிக்கல் வளைவில் இருக்கிறது. உடல் எடை இடுப்புப் பந்து வழியாக இறங்குகிறது. பிளேட்டோ தொடையின் வெளிப்பக்கத்தில், அந்த விசைக்கோட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. உள்பக்கத்தில் எலும்பு முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் எலும்பு அமுக்கத்தையும் பிளேட் இழுவிசையையும் பகிர்ந்துகொள்ளும். அங்கே இடைவெளி இருந்தால் வளைவு முழுவதும் பிளேட்டின் தலையில் விழும்.

16 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பிளேட்டை எடுத்துக்கொள்வோம். திருகுத் துளை 5.5 மில்லிமீட்டர் என்றால் அந்த இடத்தில் மிஞ்சும் அகலம் 10.5. வளைவுத் திருப்புத்திறன் M, மிஞ்சும் அகலம் b, தடிமன் t என்றால் தகைவு σ-வுக்கான வாய்பாடு:

```
σ = 6M / (b t²)
```

ஊன்றுகோலோடு காலில் 20 கிலோ மட்டும் ஊன்றினால், 5 சென்டிமீட்டர் விலகலில் வளைவுத் திருப்புத்திறன் சுமார் 10 நியூட்டன் மீட்டர். தகைவு 229 மெகா பாஸ்கல். ஊன்றுகோலை வீசிவிட்டு நடக்கத் தொடங்கியதும் திருப்புத்திறன் இரு மடங்காகி 20 நியூட்டன் மீட்டர் ஆனது என்று வைத்துக்கொள்வோம், தகைவு 457. துளையின் விளிம்பில் இதைவிடவும் கூடும்.

457 என்பது 700-க்குக் கீழே. ஆகவே பிளேட் வளையாது, ஒரு முறை நடந்தால் உடையவும் உடையாது. ஆனால் அந்த எஃகு எத்தனை முறை ஆடினாலும் தாங்கும் தகைவு தோராயமாக 300 முதல் 400 மெகா பாஸ்கல்தான். உடல் திரவத்தின் உப்பும், திருகுத் தலை துளையில் உராய்வதும் அதை இன்னும் இறக்குகின்றன. 229-க்கும் 457-க்கும் நடுவில்தான் அந்தக் கோடு ஓடுகிறது. நாளைக்கு 5,000 அடி நடந்தால் ஒவ்வொரு காலுக்கும் 2,500 சுழற்சி. நான்கு மாதத்தில் மூன்று லட்சம். துளை விளிம்பில் தொடங்கும் விரிசலுக்கு இது போதும்.

மீண்டும் மீண்டும் ஆடும் சுமையால் விரிசல் விடும் இந்தச் சோர்வு எலும்புக்கும் உண்டு. நெடுந்தூரம் அணிவகுத்த பிரஷ்யப் படைவீரர்களின் பாத வலியை 1855-இல் பிரைத்ஹாப்ட் என்ற மருத்துவர் விவரித்தார்; அது சோர்வு முறிவுதான் என்பது பின்னால் எக்ஸ்-ரே வந்தபோது தெரிந்தது. ஆனால் எலும்பு தன் விரிசலைத் தின்று புதிதாகக் கட்டிக்கொள்ளும். உலோகத்துக்கு அந்த வசதி இல்லை. முறிவு கூடிச் சுமையை ஏற்கத் தொடங்குவதற்கும் பிளேட்டின் சுழற்சிக் கணக்கு தீர்வதற்கும் இடையே நடப்பது ஒரு பந்தயம்.

உடைந்த பிளேட்டைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். ஒரே அடியில் தகைவு 700-ஐத் தாண்டியிருந்தால் எக்ஸ்-ரேயில் பிளேட் வளைந்திருக்கும். சோர்வு என்றால் இரு துண்டுகளும் வளையாமல், துளையின் குறுக்கே வெட்டியதுபோல் பிரிந்திருக்கும். எடுத்துப் பார்த்தால் முகப்பின் பெரும்பகுதி வழவழப்பாக, விரிசல் நின்று நின்று முன்னேறிய வளைகோடுகளோடு இருக்கும். கடைசியில் அறுந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

டைட்டானியக் கலவையின் குணகம் 110 கிகா பாஸ்கல், சோர்வு வலிமை எஃகைவிட அதிகம். கீறல் விழுந்தால் மட்டும் எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். ஆனாலும் உலோகத்தை மாற்றுவதால் கிடைப்பது கால அவகாசம்தான். முறிவு கூடாமல் கிடக்கும் தொடையில் அதே இடைவெளியை வைத்துக்கொண்டு புதுப் பிளேட் போட்டால், மீண்டும் முதல் சுழற்சியிலிருந்து அதே எண்ணிக்கை தொடங்கும். அதனால்தான் மறு அறுவை சிகிச்சையில் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள்.