கப்பல் கட்டணம் ஏறியதும் சிஐஎஃப்-ஐ எஃப்ஓபி ஆக்குகிறவர்களுக்கு

போன வாரம் புக்கிட் மின்யாக்கில் பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஓர் அண்ணன் எங்கள் பட்டர்வொர்த் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஹாம்பர்க் வாங்குநர் அனுப்பிய மின்னஞ்சல், நல்ல சூடாக எழுதப்பட்டது. "நான் விலையைக் குறைத்துத்தானே கொடுத்தேன் தம்பி, ஏன் இப்படிக் கோபப்படுகிறார்கள்?" என்றார். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் அவர். ஐந்தாவது ஆள் வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவருடைய ஒப்பந்தம் மாதம் ஒரு நாற்பதடி கன்டெய்னராக ஆறு மாதத்துக்கு. சிஐஎஃப் ஹாம்பர்க், அதாவது ஹாம்பர்க் வரையிலான கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் செலவு. கன்டெய்னருக்கு 42,000 அமெரிக்க டாலர். அந்த விலைக்குள் கப்பல் கட்டணமாக 1,800 டாலரும் காப்பீடாக 70 டாலரும் போட்டிருந்தார். இரண்டு கன்டெய்னர்கள் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதற்கு இடம் கேட்டபோது கப்பல் நிறுவனம் சொன்ன கட்டணம் 5,300. 2023 கடைசியில் கப்பல்கள் செங்கடலை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதிலிருந்து ஐரோப்பாக் கட்டணம் இப்படித்தான் துள்ளி விளையாடுகிறது.

உடனே அவர், கப்பல் கட்டணமும் காப்பீடும் வாங்குநர் செலவாகும் எஃப்ஓபி-க்கு மாற்றி வாங்குநருக்கு எழுதினார்: "அடுத்த கன்டெய்னரிலிருந்து எஃப்ஓபி பினாங்கு. விலை 42,000-லிருந்து 40,130 ஆகக் குறைகிறது."

இதில்தான் வினை. 40,130 என்பது பழைய விலையிலிருந்து பழைய கட்டணத்தைக் கழித்தது. வாங்குநர் இனி கப்பலுக்குக் கட்டப்போவது புதிய கட்டணம். 40,130, 5,300, 70 மூன்றையும் கூட்டினால் 45,500. கன்டெய்னருக்கு 3,500 டாலர் அதிகம், மீதி நான்கு கன்டெய்னருக்கு 14,000. இதை "விலை குறைகிறது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஏமாற்றுவதாகத்தானே தோன்றும்? வாங்குநர் பதிலுக்கு, "சரி, இன்றைய கட்டணத்தைக் கழித்து 36,630-க்குக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தார். அதுவும் ஆகாது. சிஐஎஃப்-ஆகவே அனுப்பினாலும் அண்ணனுக்கு மிஞ்சுவது அதே 36,630-தான். பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

விற்பனை நிபந்தனையை மாற்றினால் ஏறிய கட்டணம் மறைந்துவிடாது. யார் கட்டுவது என்பது மட்டும் மாறும். ஆகவே நீங்கள் கேட்பது விலை உயர்வுதான், அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, எனக்கு அலுத்துப்போன தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. சிஐஎஃப் என்றால் ஹாம்பர்க் வரை சரக்குக்கு விற்பவர் பொறுப்பு, எஃப்ஓபி என்றால் பினாங்கோடு கை கழுவிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இருபது வருடமாக ஏற்றுமதி செய்கிறவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. விற்பனை நிபந்தனைகளுக்கான உலகப் பொது விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி எஃப்ஓபி, சிஐஎஃப், காப்பீடு இல்லாமல் கப்பல் கட்டணம் மட்டும் விற்பவர் கட்டும் சிஎஃப்ஆர் மூன்றிலும் சரக்குக்கான இடர் கைமாறும் இடம் ஒன்றே: ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதும். சிஐஎஃப்-இல் அனுப்பிய சரக்கு நடுக்கடலில் நனைந்தாலும் அந்த இழப்பு வாங்குநருடையது. விற்பவர் வாங்கிக் கொடுத்த காப்பீட்டில் அவர்தான் இழப்பீடு கோர வேண்டும். சிஐஎஃப்-இல் விற்பவர் ஹாம்பர்க் வரை சுமப்பது செலவை. இடரை அல்ல.

இது விலைப் பேச்சில் நேரடியாக வந்து இடிக்கும். "இடரும் என் தலையில் வருகிறது, அதற்கும் தள்ளுபடி கொடு" என்று வாங்குநர் கேட்டால், அது ஏற்கெனவே அவருடையதுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். அதேபோல், "இனி எனக்கு இடர் இல்லை" என்று மகிழ்ந்து நீங்களும் விலையை விட்டுக்கொடுக்காதீர்கள். காப்பீட்டை வாங்குவது யார் என்பது மாறுகிறது, அவ்வளவுதான். சிஐஎஃப்-இல் விற்பவர் கொடுக்க வேண்டியது விலையின் 110 விழுக்காட்டுக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு மட்டுமே. போர் இடர் அதில் சேராது, கேட்டு வாங்க வேண்டும். இந்தக் காலத்தில் பாலிசியைத் தானே எடுப்பது வாங்குநருக்கு நல்லது என்பதையும் பேச்சில் சொல்லலாம்.

(கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபி-யைவிட, முனையத்தில் ஒப்படைத்ததுமே இடர் கைமாறும் எஃப்சிஏ பொருத்தம். கன்டெய்னரை நாம் ஒப்படைப்பது முனையத்தில், கப்பலில் அல்ல. எஃப்ஓபி-யில் நடுவில் உள்ள நாட்களில் இடர் நம்மிடமே நிற்கும். மாற்றுவதென்று ஆன பிறகு இதையும் யோசியுங்கள்.)

வாங்குநர் மறுத்தால்? பழைய விலையில் சிஐஎஃப்-ஆக அனுப்பித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் கட்டண உயர்வுக்கான விதி இல்லாவிட்டால் "நிலைமை மாறிவிட்டது" என்று எளிதில் கழன்றுகொள்ள முடியாது. 1956-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது சூடான் நிலக்கடலையைச் சிஐஎஃப் ஹாம்பர்க் விற்றவர்கள் இதையே சொல்லிப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றினால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்கவில்லை, சுற்றியாவது அனுப்பியிருக்க வேண்டும் என்றது. ஆகவே நாம் உரிமையோடு கேட்கவில்லை, வேண்டிக் கேட்கிறோம். கடிதத்தின் தொனி அப்படி இருக்கட்டும்.

அண்ணனை வாங்குநரிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: "பினாங்கிலிருந்து உங்கள் சரக்கு முகவரான ஃபார்வர்டருக்கு என்ன கட்டணம் கிடைக்கும்?" 4,100 என்று பதில் வந்தது. பெரிய வாங்குநர்களுக்குக் கப்பல் நிறுவனங்களோடு ஆண்டு ஒப்பந்தம் இருக்கும், நமக்குக் கிடைக்காத கட்டணம் அவர்களுக்குக் கிடைக்கும். மாற்றத்தில் உண்மையான லாபம் இந்த 1,200 டாலர் வித்தியாசம் மட்டுமே. அது இல்லையென்றால் எஃப்ஓபி-க்குப் போகாமல், சிஐஎஃப்-ஆகவே வைத்து உயர்வைப் பங்கிடக் கேட்பது சுலபம்.

4,100 என்றால் உயர்வு 2,300 ஆகச் சுருங்குகிறது. பாதிப் பாதி. எஃப்ஓபி விலை 40,130-லிருந்து 1,150 குறைந்து 38,980. வாங்குநருக்கு மொத்தச் செலவு 43,150, முன்பைவிட 1,150 கூடுதல். அண்ணனுக்கு 36,630-க்குப் பதில் 38,980. இந்தக் கணக்கு முழுவதையும், பழைய 1,800-ஐயும் கப்பல் நிறுவனத்தின் புதிய விலைப்பட்டியலையும் இணைத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் சம்மதம் வந்தது.

ஒன்று கவனியுங்கள். வாங்குநர் நியமிக்கும் ஃபார்வர்டர் பினாங்கில் போடும் உள்ளூர்க் கட்டணங்கள் உங்கள் பேரில்தான் வரும். அந்தப் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வந்து புலம்பிப் பயனில்லை.

எந்தக் கன்டெய்னரிலிருந்து மாற்றம், எந்தத் துறைமுகம், "இன்கோடெர்ம்ஸ் 2020" என்ற சொல், புதிய விலை எல்லாம் இருவரும் ஒப்பமிட்ட இணைப்பில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்தது போதாது. ஏற்கெனவே இடம் பிடித்த கன்டெய்னரைத் தொடாதீர்கள், அது பழைய நிபந்தனையிலேயே போகட்டும்.

கடைசியாக எல்சி, அதாவது ஆவணங்களைப் பார்த்து வங்கி பணம் தரும் கடன் உறுதிக் கடிதம். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். பழைய எல்சி காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கில் "கட்டணம் செலுத்தப்பட்டது" என்று இருக்கக் கேட்கும். எஃப்ஓபி-யில் உங்களிடம் இரண்டும் இருக்காது. வாங்குநர் சம்மதித்தாலும் வங்கி பார்ப்பது ஆவணத்தை மட்டுமே, முரண்பாடு என்று திருப்பிவிடும். தொகை, நிபந்தனை, காப்பீடு, கட்டண வாசகம் ஆகிய நான்கையும் மாற்றிய திருத்தம் உங்கள் வங்கிக்கு வந்து, நீங்கள் வரிவரியாகப் படித்து ஏற்கும்வரை கன்டெய்னரை முனையத்துக்குள் அனுப்ப வேண்டாம். அண்ணனின் மூன்றாவது கன்டெய்னர் இப்போது அந்தத் திருத்தத்துக்காகத் தொழிற்சாலை வாசலில் காத்திருக்கிறது.