அம்மை கண்டவர் வேலைக்குத் திரும்பும்போது கம்பெனி என்ன கேட்கலாம்?

சின்னம்மை வந்தால் நம் ஊரில் பலர் டாக்டரிடம் போவதில்லை. வேப்பிலை, இளநீர், மூன்றாம் தண்ணீர் என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு, கடைசி நாளில் கம்பெனிக்குக் காட்ட மட்டும் ஒரு சான்றிதழ் தேடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

திருப்பூரில் தையல் வேலை பார்க்கும் ஒருவருக்கு 1ஆம் தேதி கொப்புளம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் தேதி முதல்முறையாக டாக்டரிடம் போகிறார். அன்று பார்த்ததை வைத்து, 'குணமாகிவிட்டார், வேலைக்குத் தகுதியானவர்' என்று டாக்டர் எழுதலாம். ஆனால் தான் பார்க்காத ஒன்பது நாளுக்குப் பின்தேதியிட்டு மருத்துவ விடுப்புச் சான்று தர அவர் தயங்குவார், அது நியாயம்தான். தான் தரும் சான்றுகளுக்கு அவர் பதிவேடும் நகலும் வைத்திருக்க வேண்டும், நோயாளியின் அங்க அடையாளத்தையும் குறிக்க வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்கு விதி. அதனால் முதல் இரண்டு நாளுக்குள் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வேப்பிலைக்கு அது தடையில்லை.

இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு இது சம்பள விஷயமும்கூட. சந்தா நாள் கணக்கு சரியாக இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் சுமார் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. இ.எஸ்.ஐ. மருந்தக டாக்டர் தரும் முதல் சான்றும், வேலைக்குத் திரும்பலாம் என்ற இறுதிச் சான்றும் இருந்தால்தான் பணம் வரும்.

சரி, கம்பெனி எதுவரை கேட்கலாம்? பதிவுபெற்ற டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, எந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வரலாம் என்பது ஆகியவற்றுடன் உடற்தகுதிச் சான்று கேட்பது நியாயம். சந்தேகம் இருந்தால் தன் செலவில் கம்பெனி டாக்டரிடம் காட்டச் சொல்லலாம். கூடவே பணிபுரிபவர்களில் கர்ப்பிணி இருந்தால், கொஞ்சம் கறாராக இருப்பதையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் 'நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வா' என்பது அர்த்தமில்லாத நிபந்தனை. சின்னம்மை பரவுமா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லாது, தோல்தான் சொல்லும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை தொற்றும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். புதிதாக ஒன்றுகூட வரவில்லை, நீர் கோத்தது எதுவும் இல்லை என்றால் போதும். பொருக்கு உதிர்ந்த தழும்பு மாதக்கணக்கில் இருக்கும், அது ஒட்டாது. 'முகம் தெளிந்தபிறகு வா' என்று திருப்பி அனுப்பினால், அதைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அந்த நாட்களை எந்த விடுப்பில் எழுதுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.